விலை ஏறியும் பணம் போனது ஏன்?

கேள்வி: நான் வாங்கிய முதல் வாராந்திர கால் ஆப்ஷன் இது. SPY விலை ஏறியது. ஆனால் போட்ட பணம் முழுவதும் போய்விட்டது. எப்படி ஐயா?
– இளம் வாசகர், ஸ்கூடாய், ஜொகூர்

பதில்: தம்பி, உங்கள் கணிப்பு தவறவில்லை, காலத்தைக் கணக்கில் சேர்க்காததுதான் தவறு. திங்கள் இரவு SPY 600 டாலர். அந்த வெள்ளியே காலாவதியாகும் 605 கால் ஆப்ஷனை 2.20-க்கு வாங்கினீர்கள். ஒரு கான்ட்ராக்ட் 100 பங்கு, ஆக 220 டாலர். விலை 605-க்குக் கீழே இருந்ததால், அந்த 220-ம் மீதமிருந்த நாள்களுக்கான விலை மட்டுமே. அது தினமும் கரையும். கடைசி நாள்களில் இன்னும் வேகமாகக் கரையும்.

வியாழன் சந்தை முடிந்தபோது SPY 603. மூன்று டாலர் ஏறியும் உங்கள் திரையில் ஆப்ஷன் 1.25-தான். அப்போது விற்றிருந்தால் 125 டாலராவது திரும்பியிருக்கும். நீங்கள் காத்திருந்தீர்கள். நம் ஊர் நேரம் சனி அதிகாலை 4 மணிக்கு SPY 604-ல் முடிந்தது. 605-ஐத் தாண்டாததால் ஆப்ஷனின் மதிப்பு பூஜ்யம்.

காலாவதி வரை வைத்திருந்தால் 607.20-ஐத் தாண்டினால்தான் உங்களுக்கு லாபம். அடுத்த முறை வாங்கும் முன், திரையில் 'தீட்டா' என்ற எண்ணைப் பாருங்கள்: ஒரு நாளில் ஏறத்தாழ எவ்வளவு கரையும் என்பதை அது சொல்லும்.