கணக்கர் அலுவலகத்தில் மூன்று சீட்டுகள்

திருப்பதியிலிருந்து புத்தூர் செல்லும் சாலையில் இருப்பது வடமாலபேட்டை. அங்கே ஐவர் பணிபுரியும் ஒரு கணக்கர் அலுவலகத்தில், தாள்களையும் கணினிக் கோப்புகளையும் வகைப்படுத்தும் முறையை வகுத்துத் தரும் வேலை சென்ற விடுமுறையில் எனக்குக் கிடைத்தது. ஆய்வுக்கூடத்துக் குப்பியில் ஒரே பொருள் இருக்கும். சீட்டு ஒட்டுவது எளிது. வாடிக்கையாளரின் உறையிலோ பத்துப் பொருள்கள் இருக்கும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

வாடிக்கையாளர் பெயருள்ள எல்லாவற்றுக்கும் 'அந்தரங்கம்' என்று சீட்டிடுவதே முதலில் தோன்றும் வழி. 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்கர் சட்டமும், வாடிக்கையாளரின் செய்தியை அவர் இசைவின்றி வெளியிடுவதைத் தொழில் ஒழுங்கீனம் என்கிறது. ஆனால், கணக்கர் அலுவலகத்தில் பெயரில்லாத தாள் ஏது? எல்லாம் சிவப்பானால் சிவப்புக்குப் பொருளே இல்லை. ஆகவே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டோம்: இத்தாள் வெளியே போனால் அயலான் ஒன்றை அறிந்துகொள்வானா, அன்றி வாடிக்கையாளராகவே நடிக்கவும் இயலுமா? அறிய மட்டும் உதவுவது 'அந்தரங்கம்', மஞ்சள். நடிக்க உதவுவது 'சாவி', சிவப்பு. கட்டண விவரம் போன்றவை 'பொது', வெள்ளை. ஊழியர்களுக்காகச் சிவப்புச் சீட்டில் தெலுங்குச் சொல்லையே எழுதினோம்: 'தாளம் செவி'. நமக்குச் சாவி, அவர்களுக்குப் பூட்டின் செவி!

ஓர் அரிசி வணிகரின் உறையைப் பார்ப்போம். அதில் அவருடைய பான் அட்டை நகலும், வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையும் உள்ளன. அறிக்கைக் கோப்பு பூட்டப்பட்டதுதான். ஆயின் அதன் கடவுச்சொல், சிறிய எழுத்தில் பான் எண்ணும் அதையடுத்துப் பிறந்த நாளும்: `abcde1234f15081975` என்பது போல. இரண்டும் பான் அட்டையிலேயே அச்சாகியுள்ளன! அட்டை நகலையும் அறிக்கையையும் ஒரே வாட்சப் செய்தியில் அனுப்புவது, பூட்டிலேயே சாவியைக் கட்டித் தொங்கவிடுவதாகும். ஆதலால் அட்டை நகல் சிவப்பு, அறிக்கை மஞ்சள். இரண்டும் ஒரே உறையில் இருந்தால் உறை முழுதும் சிவப்பாகிவிடும். எனவே உறையை இரண்டாகப் பிரித்தோம்.

மஞ்சள் தாளை அலுவலகத்தார் எவரும் எடுக்கலாம். வெளியே அனுப்புவதாயின் வாடிக்கையாளர் பதிவுசெய்த முகவரிக்கு மட்டுமே. சிவப்பு, இருவர் கையில் மட்டும். மின்கையொப்பக் கருவி இரும்புப் பெட்டியில் இருக்கும். எடுத்தவர் பெயரும் நேரமும் ஏட்டில் ஏறும். ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு நகலே போகும். வீணான அச்சுத்தாளின் பின்புறத்தில் கணக்குப் போடும் பழக்கம், வெள்ளைக்கு மட்டும்.

தணிக்கைக்கு உட்பட்டோரின் வரிக்கணக்குத் தாக்கலுக்குரிய அக்டோபர் 31 கழிந்த பிறகே தொடங்கினோம்; நெருக்கடி நாளில் எவரும் சீட்டு ஒட்டமாட்டார். முதல் இரு வாரம் புதிதாக வரும் தாள்களுக்கு மட்டும். அடுத்த மாதம் நடப்பு வாடிக்கையாளர்களின் உறைகளுக்கு. பழைய அலமாரிக்குத் தனி நாள் குறிக்கவில்லை. எந்த உறை திறக்கப்படுகிறதோ அன்றே அதற்குச் சீட்டு.

இடையே ஒரு சோதனை. ஒரே இருபது தாள்களை இரு எழுத்தர்கள் தனித்தனியே வகைப்படுத்தினர். நான்கில் மாறுபட்டனர், நான்கும் வங்கிக் காசோலை நகல்கள். குறை அவர்களிடம் இல்லை, விதியில் இருந்தது. காசோலையில் கணக்கு எண்ணோடு கையெழுத்தும் உண்டு. அதைப் பார்த்து எழுதவும் கூடும். எனவே சிவப்பென்று விதியில் ஒரு வரி சேர்த்தோம்.