மூன்று, ஐந்து, எட்டு: பொம்மைப் பெட்டியில் உள்ள வயது எண்கள்

முதல் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவனின் தாய் ஒரு மாலை எனக்குப் படம் ஒன்று அனுப்பினார். பலூனை ஊதி மாட்டிவிட்டால், காற்று வெளியேறும் வேகத்தில் ஓடும் பிளாஸ்டிக் காரின் பெட்டி அது. "பையன் பிறந்தநாளுக்கு அவன் மாமா வாங்கித் தந்தது டீச்சர். பின்னாடி இங்கிலீஷ்ல என்னமோ எச்சரிக்கை போட்டிருக்கு. என்னன்னு சொல்லுங்க" என்று குரல் பதிவும் இருந்தது.

படத்தில் ஒளி பட்டுப் பளபளத்தது. வயதைக் குறிக்கும் எண் 3 ஆகவும் தெரிந்தது, 8 ஆகவும் தெரிந்தது. ஊகித்துச் சொல்லக்கூடாத இடம் இது. எனவே ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், பெட்டியின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் காலை வந்த படங்களில் 3, 8 இரண்டுமே இருந்தன. முன்பக்கத்தில் 5+ என்று மூன்றாவதாக ஓர் எண்ணும் இருந்தது.

இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. 5+ என்பது யாருக்காகச் செய்த பொம்மை என்பதைக் கூறும் பரிந்துரை. 3 என்பது தடை. சக்கரம் போன்ற சிறு துண்டுகள் இருப்பதால், மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குத் தரக்கூடாது. 8 என்பது பலூனுக்கே உரிய தனி எச்சரிக்கை. ஊதாத பலூனும் வெடித்த பலூனின் கிழிசலும் தொண்டையின் வடிவத்துக்கு வளைந்து ஒட்டிக்கொள்ளும். இருமினாலும் எளிதில் வெளியே வராது. பொம்மை யாருக்காக வாங்கப்பட்டதோ அந்த ஆறு வயது மகனுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 5+ என்பதை மட்டும் படித்துச் சொல்லியிருந்தால் இது விடுபட்டிருக்கும்.

அடுத்தது சொல் தேர்வு. 'சோக்கிங்' என்பதை 'மூச்சுத்திணறல்' என்று எழுதினால், பலருக்கு ஆஸ்துமா அல்லது சளித் தொல்லைதான் நினைவுக்கு வரும். 'தொண்டையில் சிக்கி மூச்சு அடைத்துவிடும்' என்றால் நடக்கப்போவது கண்முன் தெரியும். சில பெட்டிகளில் 36 மாதத்துக்கு உட்பட்டோருக்கு 'நாட் சூட்டபிள்' என்று இருக்கும். அதை 'ஏற்றதல்ல' என்றால், 'என் பிள்ளை கெட்டிக்காரன், விளையாடிவிடுவான்' என்று பெற்றோர் எண்ணக்கூடும். இங்கே பேசப்படுவது திறமை அல்ல, ஆபத்து. 'தரக்கூடாது' என்பதே சரி. 'மேற்பார்வை' என்பதையும் 'பெரியவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று விரிப்பது நல்லது.

வயதைச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டேன். "சின்னவனுக்கு மூணு நடக்குது டீச்சர்" என்றார். அதாவது இரண்டு முடிந்து மூன்றாவது ஆண்டு ஓடுகிறது. பிறந்த தேதியைக் கேட்டுக் கணக்கிட்டால் 28 மாதம். பெட்டி சொல்வது 36 மாதம் நிறைவதை. ஆகவே 'மூன்று வயதுக்குக் கீழ்' என்பதைவிட 'மூன்று வயது முடியாத' என்பதே ஐயமில்லாதது.

நான் அனுப்பிய மொழிபெயர்ப்பு இது:

"5 வயது முடிந்த பிள்ளைகளுக்கான பொம்மை.
எச்சரிக்கை: இதில் சின்னத் துண்டுகள் உள்ளன. தொண்டையில் சிக்கி மூச்சு அடைத்துவிடும். 3 வயது முடியாத குழந்தைக்குத் தரக்கூடாது.
எச்சரிக்கை: ஊதாத பலூனோ வெடித்த பலூனோ 8 வயது முடியாத பிள்ளைகளின் தொண்டையை அடைத்து மூச்சை நிறுத்திவிடலாம். பெரியவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஊதாத பலூனைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வெடித்ததை உடனே குப்பையில் போடுங்கள்."

பெட்டியில் இல்லாத எதையும் இதில் சேர்க்கவில்லை. என் யோசனையைத் தனிச் செய்தியாக அனுப்பினேன்: "பலூனை நீங்களே ஊதிக் கொடுங்க. சின்னவன் தூங்கும்போது மட்டும் பெரியவன் விளையாடட்டும்." எது பெட்டியின் சொல், எது ஆசிரியரின் சொல் என்று பெற்றோருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

உயர் தொடக்க வகுப்புகளில் இதை ஒரு செயல்பாடாக்கலாம். சிறு துண்டு எது என்பதைச் சோதிக்க ஏறத்தாழ 3.2 செ.மீ. விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மிகச் சிறு குழந்தையின் தொண்டை அளவை ஒட்டியது அது. 10 செ.மீ. நீளக் காகிதப் பட்டையின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து ஒட்டினால் ஏறக்குறைய அதே அளவு வளையம் கிடைக்கும். பொத்தான், பேனா மூடி, கோலிக்குண்டு ஆகியவற்றை அதில் போட்டுப் பார்க்கட்டும். எது உள்ளே போகிறதோ அது சின்னத் தம்பி தங்கைக்கு ஆகாது. இது உத்தேசச் சோதனைதான்; வளையத்தில் நுழையாத பொருளெல்லாம் ஆபத்தற்றது என்று ஆகிவிடாது. பெரிதாக ஊதிய பலூனும் இதில் நுழையாது. ஆனால் வெடித்த பின் அதன் துண்டு நுழைந்துவிடும். பலூனுக்குத் தனி எச்சரிக்கை ஏன் என்பதை மாணவர்களே அப்போது சொல்லிவிடுவார்கள்.