மூன்று வயது என்றால், எந்தத் தேதியில்?

கேள்வி: ஆற்காட்டில் ஒரு சிறிய நர்சரி, பிரைமரி பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன வருடம் பள்ளிப் படத்தைப் போட்டு, "அட்மிஷன் நடைபெறுகிறது. எல்.கே.ஜி. 3+. பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று கொண்டு வரவும். சனிக்கிழமை ஓப்பன் ஹவுஸ். கட்டண விவரம் நேரில்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அதற்குப் பிறகு போன் ஓயவேயில்லை. பெற்றோர் பலர் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். 2027 ஜூன் சேர்க்கைக்கு என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார் தாளாளர். எப்படி எழுதுவது?
- ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: அந்த ஐந்து வரியில் இல்லாததைக் கேட்கத்தான் அத்தனை போனும் வந்திருக்கிறது. முதலில் வயதைச் சரிசெய்யுங்கள். "3+" என்பதை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போடுவார்கள். மூன்று நடக்கிறதா, முடிந்துவிட்டதா, முடிந்திருந்தால் எந்தத் தேதிக்குள் என்று அதில் ஒன்றும் இல்லை. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டப்படி நடக்கும் 25 சதவீத இடச் சேர்க்கைக்குத் தமிழக அரசு வைத்திருக்கும் கணக்கு ஜூலை 31. 2024-25 எல்.கே.ஜி.க்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்கள் என்று அரசு அறிவித்தது. அதே கணக்கில் 2027-28 எல்.கே.ஜி.க்கு 1.8.2023 முதல் 31.7.2024 வரை என்று வரும். வயதை எழுதாமல் இந்த இரண்டு தேதிகளையே எழுதுங்கள். 5.8.2024 அன்று பிறந்த குழந்தையின் அம்மா, இந்த வருடம் இல்லை, அடுத்த வருடம்தான் என்று தானே தெரிந்துகொள்வார். ஐந்து நாள்தானே என்று தேதியைத் திருத்தி எழுத மட்டும் யார் சொன்னாலும் இணங்காதீர்கள். எமிஸில் பதிவாகும் தேதிதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரைக்கும் கூடவே போகும்.

இதில் கேட்காமலே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. 12.11.2023 அன்று பிறந்த பெண் குழந்தை ஒன்று உங்கள் பள்ளிக்கு வருகிறது என்று வையுங்கள். 2027இல் எல்.கே.ஜி., 2029 ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அப்போது அவளுக்கு ஐந்து வயது முடிந்து ஏழு மாதம் ஆகியிருக்கும். நம் மாநிலக் கணக்கில் சரி. ஆனால் அரக்கோணத்தில் உள்ளது போன்ற கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்பு சேர, அந்த ஆண்டு மார்ச் 31 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். அவளுக்கு அங்கே 2030இல்தான் இடம் கேட்க முடியும். யு.கே.ஜி. முடித்த பிறகு பள்ளி மாற்ற நினைக்கும் பெற்றோர் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது ஆவணம். இந்த முறை பிறப்புச் சான்றிதழில் முன்பு இல்லாத ஒரு கண்டிப்பு இருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்த திருத்தம் 1.10.2023 முதல் அமலில் இருக்கிறது. அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். நீங்கள் சேர்க்கப் போகும் குழந்தைகளில் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுகிறார்கள்.

நம் பக்கத்தில் அடிக்கடி சிக்கல் வருவது பெயர்க் கட்டத்தில்தான். தலைப்பிரசவம் ஆம்பூரில் தாய் வீட்டில் இருந்தபோது நடந்திருக்கும், அல்லது அடுக்கம்பாறை மருத்துவமனையில், சி.எம்.சி.யில். பெயர் வைக்கும் முன்பே பிறப்பைப் பதிந்திருப்பார்கள். சான்றிதழில் அப்பா, அம்மா பெயர் இருக்கும், குழந்தையின் பெயர் இருக்காது. அதைச் சேர்க்க ஆற்காடு நகராட்சிக்குப் போய்ப் பயனில்லை. பிறப்பு எந்த ஊரில் பதிவானதோ அங்கேதான் போக வேண்டும். பதிவு செய்து 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 ஆண்டுக்குள் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இதற்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆம்பூருக்கோ வேலூருக்கோ போய் வர வேண்டியிருக்கும். அதனால் "பிறப்புச் சான்று" என்று மொட்டையாகப் போடாமல், "குழந்தையின் பெயருடன் கூடிய பிறப்புச் சான்றிதழ்" என்று போடுங்கள். பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் crstn.org தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஆதாரைக் கட்டாயம் என்று எழுதாதீர்கள். பள்ளிச் சேர்க்கைக்கு அது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது. "இருந்தால்" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். சாதிச் சான்று எல்.கே.ஜி.க்கு எதற்கு? பட்டியல் நீள நீள, வெளி மாநிலத்திலிருந்து தோல் வேலைக்கு வந்த குடும்பங்கள் நமக்கு இந்தப் பள்ளி ஆகாது என்று ஒதுங்கிவிடும்.

ஓப்பன் ஹவுஸை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லித் தாளாளரிடம் கேளுங்கள். சனிக்கிழமையும் வேலைக்குப் போகும் ஊர் இது. கிழமை, தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் நான்கும் வேண்டும். அன்றைக்கு வகுப்பறை, கழிப்பறை, வேன் மூன்றையும் திறந்து காட்டுங்கள். குழந்தையை உட்கார வைத்து நிறம் சொல், எண் சொல் என்று கேட்பது அந்த நாளில் மெல்ல நுழைந்துவிடும். சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 வரையும் அபராதம் உண்டு.

"கட்டண விவரம் நேரில்" என்ற வரியை எடுத்தே விடுங்கள். இழுத்துப் பேசி முடிக்கும் விவகாரம் போல அது படுகிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது; ஓர் ஆணை மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். உங்கள் பள்ளிக்கு வந்த ஆணையின் நகலை அலுவலக வாசலில் ஒட்டுங்கள். வேன், சீருடை, புத்தகத்துக்கு ஆகும் தொகையைத் தனித் தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். பெற்றோர் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். அறிவிப்பில் தொகை வேண்டாம். யாரைக் கேட்பது, எந்த நேரத்தில் என்று இருந்தால் போதும். ஷிப்ட் முடிந்து கேட்பவர்களுக்காக மாலை ஆறு முதல் ஏழு வரை ஒருவர் போன் எடுக்கட்டும்.

25 சதவீத இலவச இடத்தைப் பற்றியும் கேட்பார்கள். அதற்கு அரசு அறிவிக்கும் நாட்களில் rte.tnschools.gov.in தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஓப்பன் ஹவுஸில் கொடுப்பதல்ல. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. மேல்விஷாரத்திலும் ஆம்பூரிலும் அப்படிப்பட்ட பள்ளிகள் பல இருப்பதால், உங்கள் பள்ளி எந்த வகை என்பதைக் கேட்பவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

இனி படத்தின் கீழே இப்படி எழுதலாம்:

"2027-28 எல்.கே.ஜி. சேர்க்கை. 1.8.2023 முதல் 31.7.2024 வரை பிறந்த குழந்தைகளுக்கு. கொண்டுவர வேண்டியவை: குழந்தையின் பெயருடன் கூடிய பிறப்புச் சான்றிதழ் (அசலும் ஒரு ஜெராக்ஸும்), முகவரிக்கு ரேஷன் கார்டு அல்லது வேறு சான்று, குழந்தையின் போட்டோ இரண்டு. ஆதார் இருந்தால் தரலாம். பள்ளியைச் சுற்றிப் பார்க்க: ஞாயிறு (தேதி), காலை 10 முதல் 1 வரை. குழந்தைக்குத் தேர்வு கிடையாது. கட்டணம் பற்றிக் கேட்க: பள்ளி அலுவலகம், (எண்), மாலை 6 முதல் 7 வரை. அரசுக் குழு நிர்ணயித்த கட்டண ஆணை அலுவலக வாசலில் உள்ளது."

ஓப்பன் ஹவுஸுக்கு ஒரு மாதம் முன்பே இதை அனுப்பிவிடுங்கள். சான்றிதழில் பெயர் சேர்க்க வேண்டியவர்களுக்கு அந்த அவகாசம் தேவை. மேல்விஷாரம் பக்கத்துத் தாய்மார்களுக்காக இதையே உருதுவில் ஒரு பிரதி எடுத்தும் அனுப்புங்கள்.