மார்லி பாடினால் ரெக்கேதானா?

கேள்வி: பாப் மார்லியின் பழைய பாட்டு ஒன்று கிடைத்தது. கிட்டார் 'சக் சக்' என்று வெட்டுகிறது, ஆனால் வேகமாக ஓடுகிறது. இது ரெக்கேதானா?

பதில்: ஸ்காவாக இருக்கலாம். கிட்டாரை மட்டும் நம்பாதீர்கள்; தாளம் அழுத்தும் இடத்தைத் தவிர்த்து வெட்டுவது இரண்டுக்கும் பொது. பேஸைக் கவனியுங்கள். நான்கு எண்ணிக் காலால் தட்டும்போது, தட்டுக்கு ஒரு சுரமாக பேஸ் நிற்காமல் ஏறி இறங்கி நடக்கிறதா? அந்த நடை ஜாஸிலிருந்து வந்தது, ஸ்காவின் அடையாளம். கிட்டார் உங்கள் இரண்டு தட்டுகளுக்கு நடுவே விழும்.

1964 வாக்கில் கிங்ஸ்டனின் ஸ்டூடியோ ஒன்னில் பதிவான 'சிம்மர் டவுன்' இப்படித்தான். குரல் மார்லியுடையது, வாசித்தவர்களோ ஜாஸில் ஊறிய ஸ்காடலைட்ஸ் கலைஞர்கள்.

அடுத்து அவருடைய 1979ஆம் ஆண்டுப் பாட்டு 'ஒன் டிராப்' கேளுங்கள். டிரம்ஸ் முதல் தட்டைக் காலியாக விட்டு மூன்றில் கனமாக இறங்கும். கிட்டார் இரண்டிலும் நான்கிலும். பேஸ் நடக்காது: சில சுரங்களைச் சொல்லிவிட்டு வாய்மூடிக்கொள்ளும், பிறகு அதையே திரும்பச் சொல்லும். அந்த மௌனம் கேட்டால் தயங்காமல் ரெக்கே என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்காவுக்கும் ரெக்கேவுக்கும் நடுவில், 1966 முதல் 68 வரை கோலோச்சிய ராக்ஸ்டெடியிலும் பேஸ் இப்படித்தான் இடைவெளி விடும்.