வேலைத் தளத்திற்குப் பணம் கட்டலாமா? – சில வினாக்களும் விடைகளும்

சென்ற விடுமுறையில் கோலார் தங்கவயலுக்குச் சென்றிருந்தேன். ஒரு நாள் மாலை எங்கள் எதிர்வீட்டுத் தம்பி என்னைத் தேடி வந்தான். அவன் வேதியியலில் பி.எஸ்சி. முடித்து மூன்று திங்கள் ஆகியிருந்தன. கையிலிருந்த செல்பேசியில் வேலை தேடித் தரும் தளம் ஒன்றின் விளம்பரம் தெரிந்தது. மூன்று மாதத்திற்கு 2,400 ரூபாய் கட்டினால் அவன் ‘பிரீமியம் உறுப்பினர்’ ஆகலாமாம். அவன் தாயார் மகளிர் குழுவில் கடன் வாங்கி அந்தப் பணத்தைத் தயாராக வைத்திருந்தார்.

“அண்ணா, இன்று இரவுக்குள் கட்டினால்தான் இந்த விலையாம். கட்டிவிடட்டுமா?” என்று கேட்டான்.

எங்கள் ஊர்ச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதன் பிறகு பிறந்த எங்களில் பலருக்கு வேலை என்றால் விடியற்காலை இரயிலில் பெங்களூருக்குப் போவதுதான். அங்கே யாரையும் அறியாத பிள்ளைகளுக்கு இத்தளங்களே முதல் வாயில். ஆகவே அன்று அவன் கேட்ட கேள்விகளையும் நான் கூறிய விடைகளையும், முதன்முதலாக வேலை தேடப்போகும் நம் மன்ற நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வினா: பணம் கட்டாவிட்டால் இந்தத் தளங்கள் நமக்கு எதையும் தாராவா?

விடை: தரும். பதிவு செய்வது, தன்விவரக் குறிப்பை ஏற்றுவது, வேலைகளைத் தேடுவது, விண்ணப்பிப்பது ஆகிய நான்கும் பெரிய தளங்களில் இலவசமே. காரணம் எளியது. இந்த வாணிகத்தின் முதன்மை வாடிக்கையாளர் நாம் அல்லர். ஆள் எடுக்கும் நிறுவனங்களே. நௌக்ரி தளம் 1997இல் தொடங்கியது. அதன் வருவாயில் பெரும்பகுதி, வேலை விளம்பரம் போடவும் நம் குறிப்புகள் அடங்கிய களஞ்சியத்தைத் திறந்து பார்க்கவும் நிறுவனங்கள் கட்டுகின்ற பணம். நாம் அந்தக் களஞ்சியத்தில் இல்லாவிட்டால் நிறுவனங்கள் எதற்குப் பணம் கட்டும்? ஆதலால் நம்மை இலவசமாகச் சேர்த்துக்கொள்வது தளத்திற்கே இலாபம்.

அந்தக் காலத்தில் சுரங்கத்திற்கு ஆள் சேர்த்த மேஸ்திரி, கம்பெனியிடமும் பணம் பெறுவார், வந்து சேர்ந்தவன் கூலியிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்வார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பிரீமியம் உறுப்பினர் கட்டணத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த இரண்டாவது கைதான் நினைவுக்கு வருகிறது.

வினா: அப்படியானால் பிரீமியத்திற்குப் பணம் கட்டுவோர் எதைத்தான் வாங்குகிறார்கள்?

விடை: பெரும்பாலும் வரிசையில் ஓர் இடத்தை. இதைப் புரிந்துகொள்ள, ஆள் எடுக்கும் அதிகாரியின் மேசைக்குச் சென்று பார்ப்போம்.

அவருக்கு ஐந்து பேர் தேவை. களஞ்சியத்தில் இலட்சக்கணக்கான குறிப்புகள் உள்ளன. அனைத்தையும் அவர் படிப்பதில்லை, சல்லடை போடுகிறார். படிப்பு வேதியியல், அனுபவம் ஓராண்டுக்குள், ஊர் பெங்களூர், கடந்த பதினைந்து நாளில் தளத்திற்கு வந்தவர், குறிப்பில் titration என்ற சொல் இருக்க வேண்டும் – இப்படி ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். எடுத்துக்காட்டாக, இருநூறு பேர் சல்லடையில் தங்குகிறார்கள் என்று கொள்வோம். அவர் முதல் நாற்பது பேரைத் திறந்து பார்க்கிறார். ஐந்து பேர் கிடைத்ததும் மூடிவிடுகிறார்.

நீ அந்த இருநூறில் நூற்றிருபதாவது ஆளாக இருந்தால், பிரீமியம் உன்னை இருபதாவது இடத்திற்கு ஏற்றக்கூடும். அது பயன்தான். ஆனால் நீ அந்த இருநூறில் இல்லவே இல்லையென்றால்? ஏற்றுவதற்கு அங்கே ஆளே இல்லை! வரிசையை மாற்றப் பணத்தால் முடியும். சல்லடையை மாற்ற முடியாது. புதிதாக வேலை தேடுபவன் தோற்பது பெரும்பாலும் வரிசையில் அன்று, சல்லடையில்.

வினா: நான் சல்லடையில் தங்குகிறேனா என்று எப்படி அறிவது?

விடை: பல தளங்களில், உன் குறிப்பு எத்தனை தேடல்களில் தோன்றியது, எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை காட்டப்படும். அதுவே நமக்கு அளவுகோல். தோன்றிய எண்ணிக்கையே மிகக் குறைவானால் குறை சொற்களில் இருக்கிறது. பலமுறை தோன்றியும் யாரும் திறக்கவில்லையானால் தலைப்பு வரியிலோ வரிசையிலோ குறை. திறந்தும் யாரும் அழைக்கவில்லையானால் குறிப்பின் உள்ளடக்கத்தில் குறை. இந்த மூன்றில் வரிசைக் குறை ஒன்றுக்கு மட்டுமே பிரீமியம் மருந்தாகும்.

தம்பியின் கணக்கைத் திறந்து பார்த்தோம். பதினான்கு நாளில் மூன்றே மூன்று தேடல்களில் தோன்றியிருந்தான். தலைப்பு வரியில் ‘கடின உழைப்பாளி, நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்’ என்ற பொருள்பட எழுதியிருந்தான். எந்த அதிகாரியும் ‘கடின உழைப்பாளி’ என்று தட்டித் தேடுவதில்லை. ஊர் என்ற இடத்தில் கோலார் மட்டும் இருந்தது. பெங்களூர் என்று சல்லடை போட்டவருக்கு அவன் தெரிந்திருக்கவே மாட்டான்.

வினா: நீங்கள் எதை மாற்றினீர்கள்?

விடை: மூன்றை மட்டும். முதலாவதாக, வேலை செய்ய விரும்பும் ஊர்களில் பெங்களூரைச் சேர்த்தோம். இரண்டாவதாக, தலைப்பு வரியில் படிப்பு, தேர்ந்த ஆண்டு, தேடும் பணி ஆகியவற்றை எழுதினோம். மூன்றாவதாக, கல்லூரி ஆய்வகத்தில் அவன் தன் கையால் செய்தவற்றை, வேலை விளம்பரங்களில் வரும் அதே சொற்களில் எழுதினோம்: titration, pH meter, UV spectrophotometer. விளம்பரங்களில் HPLC என்ற கருவியின் பெயரும் அடிக்கடி வந்தது. அவன் அதை ஒருமுறை தொலைவில் நின்று பார்த்திருக்கிறானே தவிர இயக்கியதில்லை. ஆகவே எழுதவில்லை. எழுதினால் சல்லடையில் தங்கலாம், நேர்முகத்தில் “எந்தக் கரைப்பானைச் செலுத்தினாய்?” என்ற முதல் கேள்வியிலேயே விழ நேரிடும்.

அதன்பின் நாள்தோறும் காலையில் தளத்திற்குள் சென்று, அன்று புதிதாக வந்த விளம்பரங்களுக்கே முதலில் விண்ணப்பித்தான். பழைய விளம்பரம் பலவற்றில் ஆள் எடுத்து முடித்திருப்பார்கள். விளம்பரம் மட்டும் எடுக்கப்படாமல் கிடக்கும்.

அடுத்த பதினான்கு நாளில் அவன் இருபத்தேழு தேடல்களில் தோன்றினான். இரண்டு அழைப்புகள் வந்தன. ஓர் ஆளை வைத்துச் செய்த சோதனை இது. இதைக் கொண்டு பொதுவிதி வகுக்க மாட்டேன். ஆயினும் செலவு ஒரு காசும் இல்லை.

வினா: 2,400 ரூபாய் அவ்வளவு பெரிய தொகையா, அண்ணா?

விடை: முதலில், அது 2,400 அன்று. பதினெட்டு விழுக்காடு ஜி.எஸ்.டி. 432 ரூபாய் சேர்ந்து 2,832 ஆகும். ஒருமுறை பெங்களூருக்கு நேர்முகத்திற்குச் சென்று திரும்ப, இரயில், நகரப் பேருந்து, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து உனக்கு 200 ரூபாய் ஆகிறது என்றாய். அப்படியானால் இந்தத் தொகை பதினான்கு நேர்முகங்களுக்குச் சென்றுவரும் செலவு. எதிர்ப்படாத அழைப்புக்காக இதைக் கட்டிவிட்டு, அழைப்பு வந்தபின் செல்லக் காசில்லாமல் நிற்கலாமா?

இன்னொன்று. “இன்று இரவுக்குள்” என்றார்களே. மறுநாள் காலை நாங்கள் மீண்டும் திறந்தபோது அதே விலைதான் இருந்தது, புதிய கெடுவுடன்.

வினா: அப்படியானால் பிரீமியம் எவருக்குமே வேண்டாமா?

விடை: அப்படிச் சொல்ல மாட்டேன். சில ஆண்டுகள் பணிபுரிந்தவர், தாம் சேர விரும்பும் நிறுவனத்தையும் அங்கே ஆள் எடுப்பவரையும் அறிந்தவர், அவருக்கு நேரே எழுத விரும்பினால் பயன்படும். லிங்க்ட்இன் தளத்தின் பிரீமியத்தில், அறிமுகமில்லாதவருக்கு நேரே அனுப்பும் மடல்கள் மாதத்திற்குச் சில கிடைக்கும். யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது என்று தெரிந்தவருக்கே அவை மதிப்புடையவை. அத்தளம் புதியவர்களுக்கு ஒரு மாதம் இலவசமாகவும் தருவதுண்டு. அதை எடுத்துக்கொள்வதானால் நேர்முகங்கள் நடக்கும் மாதத்தில் எடுத்துக்கொள். மாதம் முடியுமுன் நீயே நிறுத்தாவிட்டால் கட்டணம் தானாகப் பிடிக்கப்படும். எடுத்த அன்றே செல்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்.

தன்விவரக் குறிப்பை எழுதித் தருகிறோம் என்றும் பணம் கேட்பார்கள். நீ ஆய்வகத்தில் என்ன செய்தாய் என்பது உனக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் எழுதி, உன் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள். அது போதும்.

வினா: “நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள், சான்றிதழ் சரிபார்க்க 1,500 ரூபாய் அனுப்புங்கள்” என்று ஒரு பெண் அழைத்தாரே?

விடை: அது பிரீமியமும் அன்று, வேலையும் அன்று, ஏமாற்று. தளத்திற்குக் கட்டும் கட்டணம் வேறு, வேலைக்காகக் கட்டும் பணம் வேறு. தளம் தன் சேவையை விற்கலாம். வேலையை விற்க அதற்கு உரிமையில்லை. நேர்முகம் இன்றியே வேலை உறுதி என்பது, நிறுவனத்தின் பெயரில்லாத பொது மின்னஞ்சல் முகவரி, தனி ஒருவரின் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொல்வது, சீருடை அல்லது மடிக்கணினிக்கு வைப்புத் தொகை கேட்பது – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பேச்சை நிறுத்திவிடு. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணை நீயே தேடி எடுத்துக் கேட்டுப் பார். பணம் போய்விட்டதானால் வெட்கப்பட்டு மறைக்காதே; உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல். பணம் கைமாறிப் போகுமுன் தடுக்க அந்த முதல் சில மணி நேரமே வாய்ப்பு.

வினா: முற்றிலும் இலவசமான இடங்கள் உண்டா?

விடை: உண்டு. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை 2015இல் தொடங்கப்பட்டது, ncs.gov.in என்ற முகவரியில் இருக்கிறது. முகவரியின் கடைசியில் gov.in இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அதே பெயரைப் போல எழுதிப் பணம் கேட்கும் போலிகளும் உண்டு. பட்டதாரிகளுக்கான அரசுப் பயிற்சித் திட்டத்திற்கும் தனித் தளம் உள்ளது. உன்னைப் போல அனுபவம் என்ற இடத்தில் சுழியம் உள்ளவனுக்கு, ஓராண்டுப் பயிற்சி அந்தச் சுழியத்தை அழிக்கும். எந்தப் பிரீமியமும் அதைச் செய்யாது. எனினும் தனியார் ஆய்வகங்களின் விளம்பரங்கள் தனியார் தளங்களிலேயே மிகுதியாக வருகின்றன. ஆதலால் இரண்டிலும் பதிவு செய்துகொள்.

தம்பிக்கு வந்த இரண்டு அழைப்புகளில் முதலாவது கைகூடவில்லை. அங்கே கேட்டது HPLC தெரிந்தவர்களை. இரண்டாவது இடம் தண்ணீரைச் சோதிக்கும் சிறிய ஆய்வகம். அங்கே ஒரு குடுவையைக் கொடுத்து, கடினத்தன்மையை அளந்து காட்டச் சொன்னார்களாம். அளந்து காட்டினான். பயிற்சியாளனாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஊதியம் குறைவுதான், இரயில் பாஸ் எடுத்திருக்கிறான்.

அவன் தாயார் 2,400 ரூபாயை அந்த வாரமே குழுவில் திருப்பிக் கட்டிவிட்டார்.