ஏழாம் பாவ முனை சொல்லும் திருமண ரகசியம்!

வரன் பார்க்கத் தொடங்கியதும், 'பெண்ணுக்குக் கல்யாண யோகம் இருக்கிறதா, எப்போது கூடிவரும்?' என்றுதானே கேட்கிறோம்? கே.எஸ்.கிருஷ்ணமூர்த்தி வகுத்த கே.பி. முறையில் இதற்கு ஏழாம் பாவம் தொடங்கும் முனையைப் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தசா வருட விகிதத்தில் ஒன்பது பாகமாகப் பிரிப்பார்கள். முனை விழும் பாகத்துக்கு உரியவரே உபநாதர். அவர் நின்ற நட்சத்திரத்தின் அதிபதி 2, 7, 11-ஆம் பாவங்களோடு தொடர்பு கொண்டால் திருமணம் உண்டு. 1, 6, 10 மட்டுமே என்றால் தடை என்பது விதி.

ஓர் உதாரணம் பார்ப்போமா? கும்ப லக்னப் பெண்ணுக்கு ஏழாம் முனை சிம்மத்தில் 21 பாகை. அது பூர நட்சத்திரத்தில் குருவின் பங்கு. குரு இரண்டாம் பாவத்தில், புதனின் ரேவதியில் இருக்கிறார், புதனோ 11-ல். ஆகவே திருமணம் உண்டு. எப்போது? புதன் நிற்பது சூரியனின் உத்திராடத்தில். சூரியன் ஏழாம் அதிபதி. எனவே புதன் தசையில் குரு புக்தி நடக்கும் சுமார் இரண்டேகால் வருடத்துக்குள் கூடிவரும் என்பார்கள்.

கவனம், சகோதரிகளே! பிறந்த நேரம் ஐந்து நிமிடம் தள்ளிப்போனாலே இந்த முனை சனியின் பங்குக்கு நகர்ந்துவிடும். அந்தச் சனி, ஆறில் உள்ள சந்திரனின் நட்சத்திரத்தில் இருந்தால் பலனே தலைகீழ்! 'சுமார் பத்து மணி' என்று குறித்த ஜாதகத்தை வைத்து, 'கல்யாணமே இல்லை' என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக் குறிப்பில் பிறந்த நேரத்தைச் சரிபாருங்கள்.