முதுகைக் காட்டச் சொல்

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஏழு போட்டோக்களையும் நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கை அணைக்கச் சொல்லி உன் பெரியம்மா இரண்டு முறை வந்து போய்விட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் மூன்றரை லட்சத்தில் பாதியை அனுப்பச் சொல்கிறார் அந்த டெல்லிக்காரர் என்று எழுதியிருக்கிறாய். பணம் உன்னுடையது, சுவரும் உன்னுடையது. வாங்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. பார்த்ததைச் சொல்கிறேன், முடிவை நீ எடு.

ஏழில் நான்கு போட்டோ கையெழுத்தைத்தான் காட்டுகிறது. பின்பக்கத்துக்கு இரண்டே இரண்டு. அதைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. உன் அப்பா வாங்கிய லட்சுமி படத்திலும் இதே கதைதான். ரவிவர்மா கையெழுத்து அவ்வளவு தெளிவாக இருந்தது. பின்னால் பிளைவுட் அடித்து, பழுப்புத்தாள் ஒட்டி மூடியிருந்தார்கள். “நாலு ஆணிதான், கழற்றிப் பார்த்துவிடுவோம்” என்று கெஞ்சினேன். கையெழுத்து இருக்கும்போது முதுகு எதற்கு என்றான் தம்பி. மழையில் பிளைவுட் உப்பி, தானாகப் பிரிந்தபோதுதான் தெரிந்தது: துணிமேல் காகிதம் ஒட்டியிருந்தது. 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கினாரே ஓர் அச்சகம், அங்கே ஆரம்பித்து ஆயிரக்கணக்கில் அச்சாகி வீடு வீடாகப் போன ஓலியோகிராப் படங்களில் ஒன்று அது. நகைகளிலும் புடவைக் கரையிலும் மட்டும் எண்ணெய் வண்ணத்தைத் தடித்துப் பூசி, மேலே வார்னிஷ் அடித்திருந்தார்கள். கையெழுத்து உண்மையானதுதான், படத்தோடு சேர்ந்து அச்சானது. அன்று ஐந்து நிமிஷம் முதுகைப் பார்த்திருந்தால் உன் அம்மாவின் வளையல் மிஞ்சியிருக்கும். இதை உன்னிடம் சொல்லக் கூடாதென்று இத்தனை வருஷம் இருந்தேன்.

இப்போது உன் படம். கையெழுத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், நீ அதைத்தான் நம்புகிறாய். மூன்றாவது போட்டோவில், கையெழுத்து இருக்கும் இடத்தில் வண்ணம் மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கிறது. படத்தோடு அப்போதே போட்ட கையெழுத்தென்றால், அந்த வெடிப்பு எழுத்தையும் சேர்த்து அறுத்திருக்கும். இங்கே கறுப்பு வண்ணம் வெடிப்புக்குள் இறங்கி, ஓரிடத்தில் அதன்மேல் பாலம்போலப் படிந்திருக்கிறது. படம் வெடித்த பிறகு போட்டது அது. இதை வைத்தே போலி என்று சொல்லிவிட மாட்டேன். வருஷம் கழித்து விற்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஓவியர்கள் உண்டு. ஆனால் பக்கத்தில் 1968 என்று எழுதியிருப்பதும் அதே கறுப்பு, அதே பாலம்.

பின்பக்கத்துக்கு வா. ஐந்தாவது போட்டோவில் துணி முழுக்க ஒரே பழுப்பு. கேன்வாஸ் துணி தானாகப் பழுத்தால் இப்படி இருக்காது. காற்றும் தூசியும் படும் இடம் கறுக்கும், சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் துணி வெளிறியே இருக்கும். கீழ்ச்சட்டத்தின் இடுக்கில் அழுக்கு சேரும், மேலே குறைவாக இருக்கும். உன் படத்திலோ, மடித்து அடித்த துணியிலிருந்து சட்டத்து மரம்வரை ஒரே நிறம் தடையில்லாமல் ஓடுகிறது. வலது மூலையில் ஈரம் காய்ந்த கறை, அதன் விளிம்பு மட்டும் இருண்டிருக்கிறது. துணியும் மரமும் வேறு வேறு பொருள், இத்தனை வருஷத்தில் இரண்டும் ஒரே மாதிரி பழுக்காது. டீத்தண்ணீரோ மரச்சாயமோ, ஒரே பிரஷ்ஷால் இரண்டின்மேலும் பூசியிருக்கிறார்கள்.

அதே மூலையில் ஸ்டேப்ளர் பின்களைப் பார். பின்னைச் சுற்றி எல்லாம் பழுப்பு, பின் மட்டும் பளபளவென்று இருக்கிறது. சாயம் பூசிய பிறகு அடித்த பின். மெட்ராஸ் உப்புக்காற்றில் ஐம்பது வருஷம் இருந்த இரும்பு துருப்பிடித்துத் துணியில் செம்பொட்டு வைத்திருக்க வேண்டாமா? பழைய படத்தைக் கழற்றிப் புதுச் சட்டத்தில் மாற்றுவது உண்டு, நானே எத்தனையோ செய்திருக்கிறேன். அப்படியானால் பழைய ஆணி இருந்த ஓட்டைகள் துணி ஓரத்தில் தெரியும். ஆறாவது போட்டோவில் ஓர் ஓட்டைகூட இல்லை. அந்தப் போட்டோவில் ஓர் ஓரம்தான் தெரிகிறது, அதனால் மற்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

லேபிளைப் பார்த்துத்தான் நீ மயங்கியிருக்கிறாய். 1968 கண்காட்சி, வரிசை எண், மஞ்சள் தாள், எல்லாம் சரி. கீழே முகவரியில் மெட்ராஸ் 600 006 என்று அச்சாகியிருக்கிறது. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் வந்தது. அதற்கு முன் எங்களுக்கெல்லாம் வெறும் மெட்ராஸ்-6 தான். என் கடை பில் புத்தகத்தைப் புதிதாக அடித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கண்காட்சி நடந்தபோது இந்த லேபிள் இருந்திருக்கவே முடியாது.

இதில் ஏமாந்தது பெரிய பெரிய ஆட்கள், அதனால் நீ வெட்கப்படாதே. ஜெர்மனியில் பெல்ட்ராக்கி என்பவன் பழைய சந்தைகளில் பழைய படங்களை வாங்கி, அவற்றின் கேன்வாஸ்மேல் வரைந்தான். பின்னால் பிளெக்ட்ஹைம் என்ற வியாபாரியின் சேகரிப்பு என்று லேபிள் ஒட்டினான். காம்பென்டோங்க் என்ற ஓவியர் 1914இல் வரைந்ததாகச் சொன்ன ஒரு படம் 2006இல் கொலோனில் 28 லட்சம் யூரோவுக்கும் மேல் போனது. 1914இல் கிடைக்காத டைட்டேனியம் வெள்ளை அந்த வண்ணத்தில் இருந்தது, லேபிளும் பொய். 2011இல் அவனுக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள். ஆகவே மரமும் துணியும் உண்மையிலேயே பழையவையாக இருந்தாலும் போதாது. போட்டோவைப் பார்த்து இது வேண்டாம் என்று தள்ளலாம். இது உண்மை என்று சொல்ல ஒரு நாளும் முடியாது, அதற்குப் படம் கையில் வர வேண்டும்.

அதனால் டெல்லிக்காரரிடம் இவற்றைக் கேள். பிரேமைக் கழற்றி, முழு முதுகும் ஒரே போட்டோவில். நான்கு ஓரங்களும் நான்கு மூலைகளும் தனித்தனியாக. கையெழுத்துப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து ஒன்று. சட்டத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு போஸ்ட்கார்டைச் செருகித் துணியை லேசாக விலக்கி, அந்த மறைவான நிறம் தெரியும்படி ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வெடிப்பெல்லாம் குழைந்துவிடும், மெயிலில் அசல் ஃபைலாக அனுப்பச் சொல். பிரேமைக் கழற்ற முடியாது என்பார். உன் அப்பாவிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

அனுப்பினால் எனக்கும் அனுப்பு. அதுவரை ஒரு ரூபாய்கூடப் போடாதே. அதற்குப் பிறகும் நீ வாங்கத்தான் போகிறாய் என்றால், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. உன் கண்ணில் குறையில்லை, கண்ணு. அந்த நீலத்தையும் சிவப்பையும் நீ விரும்பியது சரி, யார் வரைந்திருந்தாலும் நல்ல கை. ஏழு வயதில் என் கடையில் உட்கார்ந்து, பழைய சட்டங்களிலிருந்து ஆணி பிடுங்கிப் பிடுங்கி டப்பாவில் போடுவாயே, அந்த டப்பா இன்னும் பரணில் இருக்கிறது. முன்பணம் ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்றால் மறைக்காமல் சொல், நானும் நீயுமாகப் பார்த்துக்கொள்ளலாம், உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வா. பெரியம்மா உனக்காக மணத்தக்காளி வத்தல் எடுத்து வைத்திருக்கிறாள். மாடியில் என்னிடம் இருக்கும் படங்களில் எது பிடித்தாலும் எடுத்துக்கொண்டு போ. எல்லாவற்றின் முதுகையும் உனக்குத் திருப்பிக் காட்டுகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்
பெரியப்பா